கல்லீரல் திறந்துவைக்கும் மாத்திரை

பத்தாம் வகுப்பில் இரத்தம் பற்றிய பாடம் நடத்தும்போது, வீட்டில் யாராவது 'இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' சாப்பிடுகிறார்களா என்று நான் கேட்பது வழக்கம். சென்ற ஆண்டு முப்பத்தைந்து பேரில் ஆறு பேர் கை தூக்கினார்கள். மறுநாள் ஒரு மாணவி தன் தாத்தாவின் காலி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தாள். அதில் குளோபிடோகிரெல் 75 மில்லிகிராம் என்று இருந்தது. தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களாம்.

"டீச்சர், கல்லீரல் நச்சை எல்லாம் அழிச்சிடும்னு நீங்க சொன்னீங்க. மாத்திரையும் வெளியிலிருந்து வர்ற பொருள்தானே? அதையும் கல்லீரல் அழிச்சிட்டா தாத்தாவுக்கு எப்படி வேலை செய்யும்?"

கேள்வி சரியானது. அன்று நான் சொன்ன பதில் சரியில்லை. "அழித்தது போக மீதி இருப்பது வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். பல மருந்துகளுக்கு அந்தப் பதில் பொருந்தும். இந்த மருந்துக்குப் பொருந்தாது. குளோபிடோகிரெல் மாத்திரையில் இருக்கும் மூலக்கூறு கல்லீரலைத் தொடாமல் அப்படியே இரத்தத்துக்குள் வந்தால் அதனால் எந்தப் பயனும் இல்லை. கல்லீரல் அதை மாற்றினால்தான் அது மருந்தாகிறது. இப்படி உடலுக்குள் போன பிறகு மருந்தாக மாறும் பொருளை முன்மருந்து என்கிறார்கள். அந்த மாணவிக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதற்காகப் படித்ததையும், பிறகு வகுப்பில் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். 'இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்று ஊரெல்லாம் சொல்கிறோம், நானும் சொன்னேன். இந்த மாத்திரை இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இரத்தக்குழாயின் உள்சுவரில் காயம் ஏற்பட்டால் அங்கே சில தட்டுகள் முதலில் ஒட்டுகின்றன. ஒட்டியவை தம்முள் சிறு பைகளில் வைத்திருக்கும் ஏ.டி.பி. என்ற அடினோசின் டைபாஸ்பேட்டை வெளியே கொட்டுகின்றன. செல்லின் ஆற்றல் நாணயம் என்று அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பாடத்தில் நடத்துகிறோமே, அது ஒரு பாஸ்பேட்டை இழந்தால் கிடைக்கும் பொருள்தான் இது. இரத்தக்குழாயில் அதற்கு வேறு வேலை. அது ஒரு கூப்பாடு. அருகில் மிதந்து செல்லும் தட்டுகளின் மேற்பரப்பில் அந்தக் கூப்பாட்டைக் கேட்கும் 'காது' போன்ற ஏற்பிகள் உள்ளன. அவற்றில் முக்கியமானது பி2ஒய்12 என்ற ஏற்பி. ஏ.டி.பி. அதில் அமர்ந்ததும் அந்தத் தட்டும் ஒட்டும் தன்மை பெறுகிறது, தானும் ஏ.டி.பி.யைக் கொட்டுகிறது, கூட்டம் பெருகுகிறது. கை அறுபட்டால் இது நம்மைக் காப்பாற்றுகிறது. இதயத் தமனியில் புதிதாக வைத்த கம்பிவலையான ஸ்டென்ட்டின் மீது இதே கூட்டம் சேர்ந்தால் சில நிமிடங்களில் குழாய் அடைபடும்.

குளோபிடோகிரெல் அந்தக் காதை அடைக்கிறது. ஆனால் மாத்திரையில் இருக்கும் வடிவத்தில் அதனால் அடைக்க முடியாது. காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. காதை அடைக்கும் வேலையைச் செய்ய வேண்டியது ஒரு கந்தக அணு. மாத்திரையில் அந்தக் கந்தகம் ஐந்து அணுக்கள் கொண்ட ஒரு வளையத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, அதனால் வெளியே எதனுடனும் அது பிணைவதில்லை. கல்லீரலில் உள்ள நொதிகள் இரண்டு படிகளில் அந்தப் பூட்டைத் திறக்கின்றன. முதல் படியில் வளையத்தில் ஓர் ஆக்சிஜன் சேர்கிறது. இரண்டாம் படியில் வளையம் உடைந்து, கந்தகம் ஒரு ஹைட்ரஜனுடன் -SH என்ற தொகுதியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பி2ஒய்12 ஏற்பி ஒரு புரதம். அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, சிஸ்டீனிலும் ஒரு -SH இருக்கிறது. இரண்டு கந்தகங்களும் சந்தித்ததும் S–S என்ற டைசல்பைடு பிணைப்பு உருவாகிறது. இன்சுலினின் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிப்பதும், நம் தலைமுடிக்கு உறுதி தருவதும் இதே வகைப் பிணைப்புதான் என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. இந்தப் பிணைப்பு தானாக அவிழாது. அடைபட்ட ஏற்பி அந்தத் தட்டின் ஆயுள் முடியும்வரை அடைபட்டே இருக்கும்.

"அப்படியானால் பூட்டைத் திறந்தே மாத்திரையாகத் தரலாமே?" என்று கேட்பார்கள், கேட்க வேண்டும். திறந்த வடிவம் நிலையற்றது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கந்தகம் முதலில் எதிர்ப்படும் பொருளுடன் வினைபுரிந்துவிடும். அட்டையில் அடைத்து இரண்டு ஆண்டு வைத்திருக்கக்கூடிய பொருள் அல்ல அது. கல்லீரலில் உருவாகி, அங்கே வந்துபோகும் தட்டுகளைச் சுடச்சுடச் சந்திப்பதால்தான் அதற்கு வேலை நடக்கிறது.

இது எப்படித் தெரியவந்தது என்பதை வகுப்பில் தவறாமல் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் பிரான்சின் துலூஸ் நகரில் சில வேதியியலாளர்கள் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்த டிக்ளோபிடின் என்ற பொருள் வீக்கத்தைத் தணிக்கவில்லை. அதைக் கொடுத்த விலங்குகளின் இரத்தத்தில் தட்டுகள் ஒட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அதே பொருளைச் சோதனைக் குழாயில் இருக்கும் தட்டுகளோடு நேரடியாகக் கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை. இந்த முரண்பாடே தடயம். குழாயில் இல்லாத ஏதோ ஒன்று உடலில் இருக்கிறது. டிக்ளோபிடினின் அடுத்த தலைமுறைதான் குளோபிடோகிரெல், அதற்கும் இதே நடத்தை. எலிகளில் இரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றிச் செல்லும்படி வழிமாற்றிவிட்டு அதைக் கொடுத்தபோது விளைவு காணாமல் போயிற்று. குளோபிடோகிரெல் 1997இல் அமெரிக்காவில் விற்பனை அனுமதி பெற்றது. அது அடைக்கும் பி2ஒய்12 ஏற்பியின் மரபணு கண்டறியப்பட்டது 2001இல். பூட்டு எதுவென்று தெரியாமலே நான்கு ஆண்டுகள் சாவி விற்பனையில் இருந்திருக்கிறது!

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கல்லீரல் இந்த மருந்தை அழிக்கவில்லையா? அழிக்கிறது, அதுவும் பெரும்பகுதியை. இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டோம். 75 மில்லிகிராமில் பாதியாவது குடலில் உறிஞ்சப்படுகிறது. பாதி என்றே வைத்துக்கொண்டால் 37.5 மில்லிகிராம். அதில் நூற்றுக்கு 85 பங்கு அளவை கல்லீரலின் வேறொரு நொதி பிடித்துக்கொள்கிறது. குளோபிடோகிரெல் ஓர் எஸ்டர், அதை அந்த நொதி நீராற்பகுத்து அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்த அமிலத்துக்குத் தட்டுகளைத் தடுக்கும் திறன் துளியும் இல்லை. மிஞ்சும் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மில்லிகிராம்தான், பூட்டுத் திறக்கும் பாதையில் போகிறது. அங்கேயும் முதல் படிக்குப் பிறகு ஒரு பகுதி மீண்டும் அமிலமாகி வீணாகிறது. ஒரே உறுப்பு, ஒரே நேரத்தில், ஒரே பொருளில் பெரும்பங்கை வீணாக்குகிறது, சிறுபங்கை மருந்தாக்குகிறது. 'கல்லீரல் நச்சு நீக்கும் உறுப்பு' என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இதை ஏற்பது சற்றுக் கடினமாகத்தான் இருந்தது. கல்லீரலுக்கு நச்சு எது மருந்து எது என்று தெரியாது. அதன் நொதிகள் தம் பிடிக்குள் பொருந்தும் மூலக்கூற்றை மாற்றுகின்றன, அவ்வளவே. மாறியது நமக்குப் பயன்படுகிறதா இல்லையா என்பது நம் கணக்கு.

இவ்வளவு சிறிய அளவு எப்படிப் போதுமானதாகிறது? இதற்குத்தான் புளியங்கொட்டைச் செயல்பாட்டை வைத்தேன். செலவில்லாதது, ஒரு பாடவேளையில் முடிந்துவிடும்.

தட்டுகளுக்கு உட்கரு இல்லை, ஆகவே அடைபட்ட ஏற்பிக்குப் பதிலாகப் புதிது செய்துகொள்ள முடியாது. ஒரு தட்டின் ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். ஆக, நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பழைய தட்டுகள் போய்ப் புதியவை எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகின்றன. ஒரு பையில் 100 கொட்டைகளைப் போடுங்கள். இவை தட்டுகள். ஒரு மாத்திரைக்கு, பார்க்காமல் 10 கொட்டைகளை எடுத்து வெள்ளைச் சுண்ணக்கட்டியால் குறியிட்டுத் திரும்பப் போடுங்கள். குறியிட்டது அடைபட்ட தட்டு. மறுநாளுக்கு, முதலில் பார்க்காமல் 10 கொட்டைகளை எடுத்து எறிந்துவிட்டுக் குறியில்லாத 10 புதுக்கொட்டைகளைச் சேருங்கள். பிறகு மீண்டும் 10 எடுத்துக் குறியிடுங்கள். ஏற்கனவே குறியுள்ளது கைக்கு வந்தால் அப்படியே திரும்பப் போடுங்கள். இப்படியே ஒவ்வொரு நாளும்.

சராசரியாக முதல் நாள் 10, இரண்டாம் நாள் 18, மூன்றாம் நாள் 25, ஏழாம் நாள் 41 கொட்டைகளில் குறி இருக்கும். அதன் பிறகு ஏற்றம் குறைந்து 52, 53இல் நின்றுவிடும், ஏனென்றால் புதிதாக வருபவையும் புதிதாக அடைபடுபவையும் சமமாகிவிடுகின்றன. உண்மையான நோயாளிகளில் நாளுக்கு 75 மில்லிகிராம் தரும்போது மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் தடுப்பு 40 முதல் 60 விழுக்காடு அளவில் நிலைபெறுகிறது. நம் பை அதற்கு ஓரளவு அருகில் வருகிறது. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: பையில் ஒரு கொட்டை முழுவதும் அடைபட்டது, அல்லது அடைபடவே இல்லை. உண்மையில் ஒரே தட்டில் சில ஏற்பிகள் அடைபட்டும் சில திறந்தும் இருக்கும்.

ஸ்டென்ட் வைக்கும் நாளில் ஏழு நாள் காத்திருக்க முடியாது. அதனால்தான் முதலில் 300 அல்லது 600 மில்லிகிராம் ஒரே தடவையாகத் தருகிறார்கள். 300 என்றால் நான்கு மாத்திரை. பையில் முதல் நாளே 40 கொட்டைகளுக்குக் குறியிட்டுப் பாருங்கள். அப்போதும் விளைவு உடனே வருவதில்லை, சில மணி நேரம் ஆகிறது. கல்லீரல் வேலை முடிக்க வேண்டுமே.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அதே பையில் பார்க்கலாம். 52 குறிகளோடு தொடங்கி, குறியிடுவதை நிறுத்திவிட்டு, நாளுக்குப் பத்துப் பத்தாக மாற்றுங்கள். ஐந்து நாளில் குறியுள்ளவை 31 ஆகக் குறையும். அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வதன் காரணம் இதுதான். இரத்தத்தில் மருந்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஆனால் அடைபட்ட தட்டுகள் தீர நாளாகும். எந்த அறுவைக்கு நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதெல்லாம் இதய மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கப் போகிறேன் என்று தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இதை மாணவர்களிடம் அழுத்திச் சொன்னேன், வீட்டில் போய்ச் சொல்லவும் சொன்னேன்.

இப்போது பூட்டுத் திறக்கும் நொதிகள். பல நொதிகள் இதில் பங்கெடுக்கின்றன, இரண்டு படிகளிலும் கைகொடுக்கும் முக்கியமான ஒன்றுக்கு சைப்2சி19 என்று பெயர். இதைச் செய்யும் மரபணுவின் ஒரு பிரதி தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. டி.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்து மாறிய ஒரு வகைப் பிரதி உண்டு, அதிலிருந்து வேலை செய்யும் நொதி உருவாவதில்லை. இரண்டு பிரதிகளும் அப்படி அமைந்தவருக்கு மாத்திரை அதேதான், அளவும் அதேதான், ஆனால் திறக்கப்படும் மருந்து குறைவு. பையில் நாளுக்கு 10க்குப் பதில் 5 கொட்டைக்குக் குறியிட்டுப் பாருங்கள். ஏழாம் நாளில் 23தான் வரும், கடைசிவரை 34, 35ஐத் தாண்டாது. இத்தகையவர்களுக்கு ஸ்டென்ட்டில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்ததால், 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் குறிப்பேட்டிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் செய்தது.

இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல. புதுச்சேரி ஜிப்மரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழர்களிடையே இந்த மரபணுவை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நூறு பிரதிகளில் ஏறத்தாழ நாற்பது பிரதிகள் வேலை செய்யாத வகை. மேல்நிலை ஆசிரியர்கள் இதை ஹார்டி–வீன்பெர்க் கணக்காகவே தரலாம். 0.4 பெருக்கல் 0.4 என்றால் 0.16. ஆறு, ஏழு பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதிகளும் வேலை செய்யாதவை. இரண்டு பெருக்கல் 0.6 பெருக்கல் 0.4 என்றால் 0.48, அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு பிரதி மட்டும் வேலை செய்கிறது. என் வகுப்பில் கை தூக்கிய ஆறு வீடுகளை நினைத்துக்கொண்டேன். பார்த்தால் யாருக்கு எது என்று தெரியாது. மாத்திரை சாப்பிடுபவருக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. மரபணுவைச் சோதிப்பது ஒன்று. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே சிறிது இரத்தத்தில் ஏ.டி.பி.யைச் சேர்த்துத் தட்டுகள் எவ்வளவு ஒட்டுகின்றன என்று பார்ப்பது மற்றொன்று. எல்லோருக்கும் இவற்றைச் செய்வதில்லை, தேவை என்று மருத்துவர் கருதுபவர்களுக்குச் செய்கிறார்கள். இரண்டு பிரதிகளும் பழுதானவர்களில் பெரும்பாலோர் இந்த மாத்திரையிலேயே எந்தச் சிக்கலும் இல்லாமல் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் தாத்தாவைப் பயமுறுத்திவிடுவார்கள்.

மரபணு நன்றாக இருந்தும் நொதி முடங்கலாம். இதை என் அப்பா மூலம் தெரிந்துகொண்டேன். அவருக்கும் ஸ்டென்ட் வைத்துக் குளோபிடோகிரெல் கொடுத்திருந்தார்கள். நெஞ்செரிச்சலுக்குப் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கி, தினமும் காலையில் போட்டுக்கொண்டிருந்தார். அது ஒமிப்ரசோல். மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் எல்லா அட்டைகளையும் மேசையில் வைக்கச் சொன்னார், இதைப் பார்த்ததும் பாண்டோபிரசோலுக்கு மாற்றிவிட்டார். "கேஸ் மாத்திரைதானேம்மா, அதுக்கென்ன?" என்று அப்பா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். ஒமிப்ரசோல் போய்ச் சேரும் நொதியும் சைப்2சி19தான். அது அந்த நொதியைத் தடுத்தும் விடுகிறது. குளோபிடோகிரெல் வரும்போது திறக்க ஆள் இல்லை. காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று பிரித்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். பன்னிரண்டு மணி நேர இடைவெளி விட்டாலும் இந்தத் தடை நீங்குவதில்லை என்று மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. பாண்டோபிரசோல் இந்த நொதியை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. அதே வேளையில், நோயாளிகளுக்கு ஒமிப்ரசோலையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதில் மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை, இரைப்பை இரத்தக்கசிவு குறைந்திருந்தது. ஆனால் அந்த ஆய்வு திட்டமிட்டபடி முடியாமல் பாதியில் நின்றுபோனது. நொதி தடைபடுகிறது என்பது உறுதி, அதனால் எவ்வளவு பேருக்குக் கெடுதல் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வயிற்று மாத்திரையே வேண்டாம் என்று மாணவர்கள் புரிந்துகொண்டுவிடக் கூடாது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துச் சாப்பிடுபவர்களில் பலருக்கு இரைப்பையைக் காக்க ஒரு மாத்திரை தேவைப்படுகிறது. எது என்பதை எழுதித் தருபவர் தீர்மானிக்க வேண்டும். நாம் செய்யக்கூடியது, கடையில் தானாக வாங்கியவை உட்பட எல்லா அட்டைகளையும் மருத்துவர் முன் வைப்பது.

செயல்பாடு முடிந்து கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசை மாணவன் ஒருவன் கேட்டான்: "கல்லீரல் உதவி இல்லாமலே வேலை செய்யற மாத்திரை இல்லையா டீச்சர்?"

இருக்கிறது. டிகாகிரெலோர் என்று பெயர். அது மாத்திரையில் இருக்கும் வடிவிலேயே பி2ஒய்12 ஏற்பியைத் தடுக்கிறது. சைப்2சி19 பழுதானவர்களுக்கு இதைத் தருவது ஒரு வழி. ஆனால் அது கந்தகப் பிணைப்புப் போடுவதில்லை, ஏற்பியில் அமர்ந்துவிட்டு எழுந்தும் போய்விடும். அதனால் நாளுக்கு இரண்டு வேளை சாப்பிட வேண்டும். சிலருக்கு மூச்சுத்திணறல் போன்ற உணர்வும் வருகிறது.

அட்டை கொண்டுவந்த மாணவி அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள். "அப்போ ஒரு வேளை மறந்துட்டா, அதுல காது சீக்கிரம் திறந்துக்கும். எங்க தாத்தா அடிக்கடி மறப்பார் டீச்சர்."

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தாத்தா மறப்பதையும் சொல்லச் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.